‘கட்டியாச்சு, மாத்தியாச்சு’: ஒரு தொழில் உரிம விண்ணப்பம் உருவான விதம்

மதுரை செல்லூரில் மளிகைக் கடையும் அதன் பின்கட்டில் ஒரு மாவு அரைவை இயந்திரமும் வைத்திருக்கும் ஒருவர், 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சனிக்கிழமை இரவு கடையை அடைத்த பிறகு, எனக்கு வாட்ஸ்அப்பில் ஒன்பது செய்திகளை அடுத்தடுத்து அனுப்பினார். உள்ளாட்சி அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற நான், தெரிந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது வழக்கம். அந்தச் செய்திகளை அவருடைய ஒப்புதலுடன் அப்படியே கீழே தருகிறேன். பெயர்களையும் எண்களையும் மட்டும் நீக்கியிருக்கிறேன்.

“அண்ணே வணக்கம், தூங்கிட்டீகளா”

“நம்ம கடை லைசென்ஸுக்கு நோட்டீஸ் குடுத்துட்டுப் போயிருக்காக. ஏழு நாள் டயமாம்”

“வருசா வருசம் கரெக்டா கட்டியாச்சு. ரசீது போட்டோ போட்ருக்கேன் பாருங்க”

“அப்பா தவறி ரெண்டு வருசம் ஆகப்போகுது. பேரெல்லாம் மாத்தியாச்சு”

“வாரிசு நான் ஒருத்தன்தேன், ஒண்ணும் பிரச்சன இல்ல”

“பழைய மோட்டார் படுத்துருச்சுன்னு போன வருசமே மாத்தியாச்சு. முன்ன மூணு, இப்ப அஞ்சு ஹெச்பி. அத எழுத வேணாம்ல?”

“அவருகிட்டயும் அப்பவே சொல்லியாச்சு”

“சீல் வச்சா பொழப்பு நாறிரும்ணே. ரெண்டு பிள்ளைக படிக்குது. அத நல்லா உருக்கமா எழுதுங்க”

“நாளைக்கே ஒரு மனு ரெடி பண்ணிக் குடுங்கண்ணே, கையெழுத்துப் போட்டுர்றேன்”

இவற்றை எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது பத்து நிமிட வேலை என்றே முதலில் எனக்கும் தோன்றியது. ‘லைசென்ஸ்’ என்பதைத் தொழில் உரிமம் என்றும், ‘நோட்டீஸ்’ என்பதை அறிவிப்பு என்றும் மாற்றி, இறுதியில் பணிவுடன் கேட்டுக்கொண்டால் பார்வைக்கு ஒரு விண்ணப்பம் கிடைத்துவிடும். ஆனால் மீண்டும் படித்தபோது ஒரே வினைமுடிவு நான்கு இடங்களில் வந்திருப்பது கண்ணில் பட்டது. கட்டியாச்சு, மாத்தியாச்சு, மறுபடியும் மாத்தியாச்சு, சொல்லியாச்சு. நம் பேச்சில் இந்த ‘ஆச்சு’ மிகவும் வசதியான சொல். வேலை முடிந்தது என்று அது சொல்லும். யார் செய்தார், எப்போது செய்தார், யாரிடம் செய்தார் என்பதைச் சொல்லாது. கேட்பவருக்கு நம் குடும்பக் கதை தெரியுமென்றால் அதனால் குறையில்லை. கோப்பில் வைத்துப் படிக்கப்போகும் அலுவலருக்கோ அந்தச் சொல்லாத பகுதிதான் தேவை. ஆகவே அன்றிரவு நான் எதையும் எழுதவில்லை. “தம்பி, காலையில கடைக்கு வாரேன், காகிதத்தையெல்லாம் எடுத்து வைங்க” என்று மட்டும் பதில் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதலில் எடுத்துக்கொண்டது ‘கட்டியாச்சு’. அவர் படமெடுத்து அனுப்பியிருந்த மூன்று ரசீதுகளும் உண்மையானவை, உரிய காலத்தில் செலுத்தப்பட்டவை. ஆனால் மூன்றின் தலைப்பிலும் ‘தொழில் வரி’ என்றிருந்தது. பெயரில் உள்ள ஒற்றுமையால் இந்தக் குழப்பம் கடைத்தெருவில் பலருக்கு உண்டு. தொழில் வரி என்பது ஒருவர் தொழில் செய்து ஈட்டும் வருவாயின்மீது உள்ளாட்சி விதிப்பது. அது அரையாண்டுக் கணக்கில் வசூலிக்கப்படும். தொழில் உரிமக் கட்டணம் என்பதோ இன்ன இடத்தில் இன்ன தொழிலை இன்ன இயந்திரத்துடன் நடத்தலாம் என்று அனுமதி பெறுவதற்கானது. பழைய கடைக்காரர்கள் ‘டி அண்டு ஓ லைசென்ஸ்’ என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான். ரசீதைக் கையில் வாங்கியதும் காலம் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் விளங்கிவிடும். இவருடைய ரசீதுகளில் முதல் அரையாண்டு, இரண்டாம் அரையாண்டு என்று தெளிவாக அச்சாகியிருந்தது.

உண்மையான உரிமம் கல்லாப்பெட்டிக்கு மேலே, மீனாட்சியம்மன் படத்துக்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. ஊதுபத்திப் புகையும் மிளகாய்த் தூளும் படிந்து கண்ணாடி மங்கியிருந்ததால் சட்டத்தைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துத்தான் படிக்க முடிந்தது. உரிமதாரர் என்ற இடத்தில் தந்தையின் பெயர். தொழில்: மளிகை மற்றும் மாவு அரைவை. இயந்திரம்: 3 குதிரைத்திறன். உரிமக் காலம்: 31.03.2024 வரை. அந்த ஆண்டுக்கான கட்டணத்தைத் தந்தையே செலுத்தியிருந்தார். அவர் காலமானது 19.08.2023. அதாவது ‘வருசா வருசம் கட்டியாச்சு’ என்ற வாக்கியத்தின் பின்னால், 2024-25ஆம் ஆண்டு முழுவதும் கடை உரிமம் இல்லாமல் நடந்திருக்கிறது என்ற செய்தி மறைந்திருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றென்றே நம்பியிருந்தார்.

அடுத்தது ‘பேரெல்லாம் மாத்தியாச்சு’. எந்தெந்தப் பெயர் என்று கேட்டபோது, வாடகை ஒப்பந்தமும் வங்கிக் கணக்கும் தன் பெயருக்கு வந்துவிட்டன என்றார். உரிமத்தை மாற்றக் கேட்டு எங்கும் மனுக் கொடுக்கவில்லை. நல்லவேளையாக, வங்கிக்காக 2023 நவம்பரில் வட்டாட்சியரிடம் பெற்ற வாரிசுச் சான்றிதழ் இரும்புப் பெட்டியில் இருந்தது. அதில் மூன்று பெயர்கள் இருந்தன: தாயார், மேலூரில் மணம் முடித்துக் கொடுத்த அக்காள், இவர். ‘வாரிசு நான் ஒருத்தன்தேன்’ என்பதற்கு அவர் கொண்டிருந்த பொருள், கடையைப் பார்த்துக்கொள்வது நான் ஒருவன்தான் என்பது. வீட்டுப் பேச்சில் அது சரியே. விண்ணப்பத்தில் ‘நான் ஒருவனே வாரிசு’ என்று எழுதி, மூன்று பெயருள்ள சான்றிதழை அதன் பின்னால் இணைத்திருந்தால், முதல் தாளை இரண்டாம் தாளே மறுத்திருக்கும். ஆகையால் தாயாரும் அக்காளும், உரிமம் இவர் பெயருக்கு மாறுவதில் தங்களுக்கு மறுப்பில்லை என்று எழுதித் தர வேண்டும் என்றேன். அன்று மாலையே மேலூருக்கு வண்டியில் போய் அக்காளின் கையொப்பத்தை வாங்கி வந்துவிட்டார்.

மூன்றாவது, மோட்டார். அவர் எழுத வேண்டாமென்று நினைத்தது இதை மட்டும்தான். எனக்கோ இதை விட்டுவிட்டால் விண்ணப்பமே நிற்காது என்று பட்டது. வருஷத்து மிளகாயும் மல்லியும் அரைக்க மாசி, பங்குனியில் கூட்டம் சேரும்போது பழைய மோட்டார் சூடேறி நின்றுவிட, 2024 பிப்ரவரியில் புதியதை வாங்கியிருக்கிறார். அதன் பக்கவாட்டில் திருகியிருந்த தகட்டில் மாவு அப்பிக் கிடந்தது. ஈரத்துணியால் துடைத்ததும் 3.7 கிலோவாட், 5 குதிரைத்திறன் என்று தெளிவாகத் தெரிந்தது. ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதால் பழைய 3 குதிரைத்திறன் மோட்டாருக்கு ஏறக்குறைய 2.24 கிலோவாட் போதும், புதியதற்கு 3.73 வேண்டும். கடையின் மின் இணைப்புக்கு அதுவரை இருந்த அனுமதிக்கப்பட்ட மின்பளு 3 கிலோவாட் என்பதால், அப்போதே அதை 5 ஆக உயர்த்தியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் அவருடைய ஆசையின் பயனின்மையை அவரே கண்டுகொண்டார். கடை இந்த முகவரியில்தான் நடக்கிறது என்பதற்குச் சான்றாக மின்கட்டண ரசீதை இணைக்க எடுத்து வைத்திருந்தார். அந்த ரசீதிலேயே மின்பளு 5 கிலோவாட் என்று அச்சாகியிருக்கிறது. 3 குதிரைத்திறன் என்று எழுதிய விண்ணப்பத்தோடு அதை இணைப்பது, மறைத்ததை நாமே காட்டிக் கொடுப்பதாகும். இணைக்காமல் விட்டாலும், நேரில் ஆய்வுக்கு வருபவர் பார்க்கும் முதல் பொருள் மோட்டாரின் தகடு. உரிமக் கட்டணம் இயந்திரத் திறனையொட்டி மாறக்கூடியது என்பதால், திறனைக் குறைத்து எழுதுவதைக் கைப்பிழை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியாக ‘அவருகிட்டயும் சொல்லியாச்சு’. நான் இதை மிக இயல்பாக, அலுவலரிடம் வாய்மொழியாகத் தெரிவித்துவிட்டார் என்றே படித்திருந்தேன். மனதுக்குள் ‘மேற்படி மாற்றத்தைத் தங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே தெரிவித்துள்ளேன்’ என்று வாக்கியம்கூட அமைத்துவிட்டேன். எதற்கும் கேட்டு வைப்போமென்று கேட்டபோது, அந்த ‘அவரு’ வீட்டு உரிமையாளர் என்று தெரிந்தது. மின் இணைப்பு உரிமையாளர் பெயரில் இருப்பதால், பளுவை உயர்த்த அவருடைய கையொப்பம் தேவைப்பட்டிருக்கிறது. அதனால் அவரிடம் சொல்லியிருக்கிறார். அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை இரவே எழுதிக் கொடுத்திருந்தால், நடக்காத ஒன்றை நடந்ததாக அவர் கையொப்பமிட்டுக் கொடுத்திருப்பார். பிழை என்னுடையதாக இருந்தாலும் பொறுப்பு அவருடையதாகியிருக்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, கேட்க வேண்டியது ஒன்றல்ல, மூன்று என்பது தெளிவாயிற்று: பெயர் மாற்றம், இயந்திரத் திறன் மாற்றத்தைப் பதிதல், புதுப்பித்தல். வரிசையும் இதுதான். காலமானவர் பெயரில் புதுப்பிக்கக் கேட்க முடியாது. பழைய திறனுக்குப் புதுப்பித்தால் பயனில்லை. புதுப்பித்தலுக்கான இணையப் படிவத்தில் உரிம எண்ணுக்கும் தொழில் வகைக்கும் கட்டங்கள் உண்டு. ஆனால் தந்தை காலமானார், கட்டணம் விடுபட்டது, இயந்திரம் மாறியது என்று ஒன்றோடொன்று பின்னிய காரணங்களைச் சொல்ல அதில் இடமில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அனுப்புநர்:
(பெயர்), த/பெ. (காலஞ்சென்ற தந்தையின் பெயர்),
(கதவு எண், தெரு), செல்லூர், மதுரை.

பெறுநர்:
உதவி ஆணையாளர் அவர்கள்,
மண்டல அலுவலகம், மதுரை மாநகராட்சி.

பொருள்: தொழில் உரிமம் – மளிகை மற்றும் மாவு அரைவை – உரிமதாரர் காலமானமையால் வாரிசு பெயருக்கு மாற்றுதல், இயந்திரத் திறன் மாற்றத்தைப் பதிதல், 2024-25 மற்றும் 2025-26ஆம் ஆண்டுகளுக்குப் புதுப்பித்தல் – கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. தொழில் உரிம எண் (…), உரிமக் காலம் 31.03.2024 வரை. 2. தங்கள் அலுவலக அறிவிப்பு எண் (…), நாள் 24.04.2025.

ஐயா,

பார்வை 1இல் கண்ட உரிமம் என் தந்தையார் பெயரில் வழங்கப்பட்டது. அவர் 19.08.2023 அன்று காலமானார். அன்று முதல் மேற்படி முகவரியில் அதே தொழிலை நான் நடத்தி வருகிறேன். வாரிசுச் சான்றிதழில் கண்டுள்ள என் தாயாரும் சகோதரியும், உரிமத்தை என் பெயருக்கு மாற்றுவதில் தங்களுக்கு மறுப்பில்லை என எழுதிக் கொடுத்த கடிதங்களை இணைத்துள்ளேன்.

தொழில் வரியை ஒவ்வோர் அரையாண்டும் செலுத்தி வந்த நான், உரிமக் கட்டணமும் அதனுள் அடங்கும் எனத் தவறாகக் கருதியமையால், 31.03.2024க்குப் பிறகு உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. பார்வை 2இல் கண்ட அறிவிப்பு 24.04.2025 அன்று கிடைத்த பின்னரே இத்தவறை அறிந்தேன். விடுபட்ட ஆண்டுக்குரிய கட்டணத்தையும் விதிகளின்படி விதிக்கப்படும் கூடுதல் தொகையையும் செலுத்த ஒப்புகிறேன்.

உரிமத்தில் 3 குதிரைத்திறன் எனக் குறிக்கப்பட்டுள்ள மின்மோட்டார் பழுதடைந்தமையால், 14.02.2024 அன்று 5 குதிரைத்திறன் கொண்ட மின்மோட்டாரை நிறுவினேன். இம்மாற்றத்தை அப்போது தங்கள் அலுவலகத்திற்குத் தெரிவிக்கவில்லை. மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட பளு 5 கிலோவாட்டாக உயர்த்தப்பட்டுள்ளது.

எனவே, மேற்படி உரிமத்தை என் பெயருக்கு மாற்றி, இயந்திரத் திறனை 5 குதிரைத்திறன் எனப் பதிந்து, 2024-25 மற்றும் 2025-26ஆம் ஆண்டுகளுக்குப் புதுப்பித்துத் தருமாறும், பெயர் மாற்றத்திற்கு விதிகளில் இடமில்லையெனில் இதனையே புதிய உரிமத்திற்கான விண்ணப்பமாக ஏற்றுப் பரிசீலிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். செலுத்த வேண்டிய தொகையைத் தெரிவித்தால் உடன் செலுத்துவேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இடம்: மதுரை
நாள்: 28.04.2025

இணைப்புகள்: 1. உரிம நகல் 2. அறிவிப்பின் நகல் 3. இறப்புச் சான்றிதழ் 4. வாரிசுச் சான்றிதழ் 5. தாயார், சகோதரி மறுப்பின்மைக் கடிதங்கள் 6. வாடகை ஒப்பந்தம் 7. மோட்டார் வாங்கிய பட்டியல் 8. மின்கட்டண ரசீது 9. தொழில் வரி ரசீதுகள்.

இதைப் படித்துக் காட்டியதும் அவர் முகம் வாடிவிட்டது. “என்னண்ணே, எல்லாத் தப்பையும் நம்மளே எழுதிக் குடுக்கிறோம், பிள்ளைகளப் பத்தி ஒரு வரிகூட இல்ல” என்றார். பிள்ளைகளைப் பற்றிய வரியை நான் மறந்துவிடவில்லை, வேண்டுமென்றே விட்டேன். உரிமம் வழங்கும் அலுவலர் இந்தத் தாளின்மேல் குறிப்பு எழுதும்போது வாரிசு யார், திறன் எவ்வளவு, நிலுவை எத்தனை ஆண்டு என்ற கேள்விகளுக்குத்தான் விடை எழுதுவார். பிள்ளைகளின் படிப்புக்கு அந்தக் குறிப்பில் இடமில்லை. உருக்கமான பத்தி ஒன்று நடுவில் வந்தால் அவர் தேட வேண்டிய தேதிகள்தாம் அதில் புதைந்துபோகும். கடையைப் பூட்டி முத்திரையிட்டுவிட்ட பிறகு கால அவகாசம் கேட்டு மனு எழுதினால், அங்கே குடும்ப நிலையைச் சொல்லலாம். ‘ஏழையேன்’, ‘கருணை கூர்ந்து’, ‘தங்கள் பொற்பாதங்களில்’ போன்ற பழைய மனுத் தொடர்களையும் நான் எழுதுவதில்லை. கட்டணம் கட்டி உரிமம் பெறுபவர் பாதம் பிடிக்க வேண்டியதில்லை. மரியாதைக்கு ‘அவர்கள்’, ‘ஐயா’, ஒரே ஒரு ‘கேட்டுக்கொள்கிறேன்’ போதும்.

தவறுகளை எழுதியது பற்றி அவருக்கு இருந்த அச்சம் வேறு வகையானது. அதை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. எழுத்தில் ஒப்புக்கொண்டது கோப்பில் நிற்கும் என்பது மெய்யே. ஆனால் உரிமக் காலம் முடிந்த தேதி அலுவலகப் பதிவேட்டிலேயே இருக்கிறது. அறிவிப்பு வந்ததே அதனால்தான். மோட்டார் தகடும் மின்கட்டண ரசீதும் யார் கண்ணுக்கும் தெரியக்கூடியவை. ஆகவே ஏற்கெனவே வெளிப்படையாக இருப்பவற்றை மட்டுமே ஒப்புக்கொண்டிருக்கிறோம், அதையும் ஒவ்வொன்றாகத் தேதியோடு, காரணத்தை ஒரே வாக்கியத்தில் நிறுத்தி எழுதியிருக்கிறோம் என்று விளக்கினேன். ‘இனிமேல் இவ்வாறு நடக்காது’ என்ற வரியைச் சேர்க்கச் சொன்னார். உறுதிமொழி கேட்டால் கொடுப்போம், கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்று மறுத்துவிட்டேன்.

‘கட்டியாச்சு’ என்பது விண்ணப்பத்தில் இரண்டாக உடைந்திருப்பதைக் கவனிக்கலாம். தொழில் வரியைச் ‘செலுத்தி வந்த நான்’ என்பது ஒன்று. உரிமத்தைப் ‘புதுப்பிக்கவில்லை’ என்பது மற்றொன்று. இரண்டிலும் செய்தவர், செய்யாதவர் அவரே என்பது மறைவின்றி நிற்கிறது. ‘மாத்தியாச்சு’ என்பதும் ‘14.02.2024 அன்று நிறுவினேன்’ என்றாகிவிட்டது. மின்பளு பற்றிய வாக்கியத்தில் மட்டும் ‘உயர்த்தப்பட்டுள்ளது’ என்று விட்டேன். இணைப்பு அவர் பெயரில் இல்லை. ‘உயர்த்தினேன்’ என்று எழுதினால் அது பொய்யாகும். செய்யப்பாட்டு வினை எல்லா இடத்திலும் குற்றமல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்கிறேன். அலுவலகத் தமிழில் அதை மிகையாகப் பயன்படுத்துகிறோம் என்று நானே பலரிடம் குறைபட்டிருக்கிறேன்.

நாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அறிவிப்பு ஏப்ரல் 24 வியாழக்கிழமை கொடுக்கப்பட்டது. ஏழாம் நாள் மே 1, அன்று விடுமுறை. கடைசி நாள்வரை காத்திருந்தால், விடுமுறைக்கு அடுத்த நாள் கொடுத்தாலும் செல்லும் என்று வாதாட வேண்டியிருக்கும். ஆகவே 28ஆம் நாள் திங்கட்கிழமை காலையிலேயே இரண்டு படிகளுடன் அனுப்பினேன். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் அலுவலக முத்திரையும் பெறப்பட்ட நாளும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அந்த இரண்டாம் படி கையில் இருக்கும்வரை, கெடுவுக்குள் பதில் கொடுத்தார் என்பதை யாரும் மறுக்க முடியாது. முத்திரை வாங்கிய படியைப் படமெடுத்து அனுப்பினார். இந்த முறை எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன.

பிறகு வந்த கேள்வி ஒன்றே ஒன்று: தாயார், சகோதரி எழுதிய கடிதங்கள் வெள்ளைத்தாளில் இருந்தன, அவற்றை முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி வழக்கறிஞரின் சான்றுடன் கொடுக்கச் சொன்னார்கள். அதை நான் முன்பே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அதனால் அவருக்கு மேலூருக்கு இன்னொரு நடையும் நான்கு நாள் தாமதமும் ஏற்பட்டன. பெயர் மாற்றத்துக்கு மறுப்பு எழவில்லை, புதிய விண்ணப்பமாகக் கருதவேண்டிய தேவையும் வரவில்லை. கட்டணம் 5 குதிரைத்திறனுக்குக் கணக்கிடப்பட்டது, விடுபட்ட ஆண்டும் சேர்க்கப்பட்டது.

மே மாதம் இரண்டாம் வாரத்தில், ஊரே அழகர் எதிர்சேவைக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவரிடமிருந்து செய்தி வந்தது. “அண்ணே, கடைய வந்து பாத்துட்டுப் போயாச்சு.”

“யாரு தம்பி, என்னைக்கு?” என்று கேட்டேன்.

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது: “சுகாதார ஆய்வாளர். இன்னைக்குக் காலைல பதினொன்றரைக்கு. தகட்ட அவரே துணி வாங்கித் தொடச்சுப் பாத்து, அஞ்சுன்னு எழுதிக்கிட்டாருண்ணே.”